டவர் லைன் இழப்பீடு வந்ததா? ரிட்டர்ன் போடும் முன் வருமான வரித் துறையிடம் எழுத்தில் கேட்பது எப்படி

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தோட்டத்துக்குள் உயர் அழுத்த மின் டவர் நட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு ஒரே தொகையாக வங்கியில் விழுகிறது. கூடவே பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள். இது சம்பளம் இல்லை, நிலம் விற்ற பணமும் இல்லை. வரி உண்டா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் மச்சானுக்காக இந்த விஷயத்தில் நான்தான் அலைந்தேன். எங்கே எதைக் கேட்டால் எழுத்தில் பதில் வரும், எங்கே வரவே வராது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

கணக்கை முதலில் பாருங்கள். 2025-26 நிதியாண்டில் மச்சானுக்குக் கிடைத்த இழப்பீடு ரூ.6,40,000. டவர் நிற்கும் இடத்துக்கு 2,90,000, மேலே கம்பி போகும் பாதைக்கு 2,10,000, வெட்டிய மாமரங்களுக்கு 1,40,000. டி.டி.எஸ். 64,000 போக வங்கிக்கு வந்தது 5,76,000.

## 1. இந்தக் கேள்வி உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

2025-26இல் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி போக வரி இல்லை. சிறப்பு விகிதத்தில் வரி போடும் மூலதன ஆதாயம் போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி கிடையாது. தோட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒருவருக்கு 6,40,000 வந்தால், அதை இதர வருமானம் என்று காட்டினாலும் வரி சைபர்தான். பிடித்த 64,000 ரீஃபண்டாக வந்துவிடும். அவர் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

மச்சான் கதை வேறு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சம்பளம் 12,60,000. நிலைக்கழிவு 75,000 போனால் 11,85,000. தள்ளுபடிக்குள் அடங்கிவிடுவதால் கம்பெனி ஒரு பைசா வரி பிடிக்கவில்லை. இதோடு 6,40,000ஐச் சேர்த்தால் வருமானம் 18,25,000 ஆகிறது; செஸ்ஸோடு வரி 1,71,600. இழப்பீட்டுக்கு வரி இல்லை என்றால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை, 64,000 திரும்பி வரும். இவ்வளவு வித்தியாசம் இருப்பவர்கள்தான் மேலே படிக்க வேண்டும்.

## 2. யாரிடம் கேட்டால் பதில் வராது

பலரும் இங்கேதான் ஒரு மாதத்தை வீணாக்குகிறார்கள்.

முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல வருமான வரித் துறையில் ஒரு வாரியம் இருக்கிறது. இந்தியாவில் குடியிருப்பவர் தன் சொந்த வரி விஷயத்தை அங்கே கொண்டுபோக வேண்டுமானால் பரிவர்த்தனை குறைந்தது 100 கோடி ரூபாய்க்கு இருக்க வேண்டும். நமக்கு அந்த வாசல் இல்லை.

கட்டணமில்லா உதவி எண்ணில் பேசலாம். படிவத்தில் எந்தப் பெட்டியில் என்ன போடுவது என்று சொல்வார்கள். ஆனால் அது வாய்ப்பேச்சு. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அதைக் காட்ட முடியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "இந்தப் பணத்துக்கு வரி உண்டா?" என்று மனு போட்டால், கருத்துச் சொல்வது எங்கள் வேலையில்லை என்று திருப்பிவிடுவார்கள். அந்தச் சட்டத்தில் ஏற்கெனவே கோப்பில் இருக்கும் தகவலைத்தான் வாங்க முடியும். அதே மனு வேறொரு வேலைக்கு நன்றாக உதவும். அதற்குக் கீழே வருகிறேன்.

மிச்சம் இருப்பது உங்கள் பானுக்கு உரிய அசெசிங் ஆபீசர், சுருக்கமாக ஏ.ஓ. அவருக்குக் கடிதம் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் ரிட்டர்ன் போடும் முன்னாலேயே தீர்ப்புச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. பிறகு எதற்கு எழுதுவது? வருமான வரிச் சட்டத்தின் 270A பிரிவில், வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதற்குரிய வரியில் 50 சதவீத அபராதம் உண்டு. வரி செலுத்துபவர் எல்லா விவரத்தையும் வெளியே சொல்லி, நேர்மையான விளக்கமும் தந்திருந்தால் அந்த அபராதம் வராது என்று அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவு சொல்கிறது. தேதியும் முத்திரையும் போட்ட உங்கள் கடிதம் அதற்குச் சாட்சி. பதில் வராவிட்டாலும் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

## 3. முதல் காகிதம் பணம் கொடுத்த இடத்திலிருந்து

வரி அதிகாரி எதைப் பார்த்து முடிவு செய்வார்? எந்தச் சட்டத்தின் கீழ், எதற்காகப் பணம் கொடுத்தார்கள் என்பதை. அதைச் சொல்லக்கூடியவர் பணம் கொடுத்தவர்தான். ஆகவே லைன் போட்ட நிறுவனத்தின் திட்ட அலுவலகத்துக்கு முதல் கடிதம் போகட்டும். ஏப்ரலிலேயே போகட்டும்.

"வரி உண்டா?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். அவர்கள் பதில் சொல்லக்கூடிய நான்கு விஷயங்களை மட்டும் கேளுங்கள்:

- எந்த உத்தரவின்படி, எந்தச் சட்டப் பிரிவின்படி இழப்பீடு தரப்பட்டது?
- டவர் இடம், கம்பிப் பாதை, மரம், பயிர் என்று பிரித்தால் எவ்வளவு எவ்வளவு? தாமதத்துக்கு வட்டி சேர்த்திருந்தால் அது எவ்வளவு?
- நிலம் நிறுவனத்தின் பெயருக்கு மாறியதா, உரிமையாளரிடமே இருக்கிறதா?
- டி.டி.எஸ். எந்தப் பிரிவில் பிடிக்கப்பட்டது, ஏன்?

நான்காவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. மச்சானுக்கு 194LAஇல் பிடித்திருந்தார்கள். அது அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தும் அசையாச் சொத்துக்கான பிரிவு, அதிலும் விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. டவர் விஷயத்தில் நிலத்தைக் கையகப்படுத்துவதே இல்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், லைனுக்கு அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டும்தான் போகும். உத்தரவில் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டமும் வருவது அதனால்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. "சிப்காட்டுக்கும் ரோட்டுக்கும் நிலம் போனவர்களுக்கு வரி கிடையாதாம், நமக்கும் அப்படித்தான்" என்று டீக்கடையில் சொல்வார்கள். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 96ஆம் பிரிவில் வரிவிலக்கு இருப்பது உண்மை. 2016 அக்டோபர் 25 தேதியிட்ட 36ஆம் எண் சுற்றறிக்கையில் மத்திய நேரடி வரிகள் வாரியமும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அது அந்தச் சட்டத்தின் கீழ் தரும் இழப்பீட்டுக்கு. கையகப்படுத்தலே நடக்காத டவர் பணத்துக்கு அந்தச் சுற்றறிக்கையை நகலெடுத்து இணைத்தால் உங்கள் வாதம்தான் பலவீனப்படும். இணைக்காதீர்கள்.

நிறுவனம் பதில் தராமல் இழுத்தால் அப்போது தகவல் உரிமை மனுவைக் கையில் எடுங்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனமாக இருந்தால் `rtionline.gov.in` தளத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு போடலாம். இழப்பீட்டு உத்தரவு, மரங்களை எண்ணி எழுதிய மகஜர், மதிப்பீட்டுத் தாள், இந்த மூன்றின் சான்றிட்ட நகல் என்று கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் கெடு. மச்சானுடைய மகஜரில் மரங்கள் வயதுவாரியாக, "பெங்களூரா, காய்க்கும் மரம்" என்றே எழுதியிருந்தது. மரத்துக்கான 1,40,000 எங்கிருந்து வந்தது என்று காட்ட அந்த ஒரு தாள் போதும்.

## 4. உங்கள் பக்கத்துக் காகிதங்கள்

டவர் விழுந்த சர்வே எண்ணுக்குப் பட்டா, சிட்டா, புலப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். விஏஓவிடம் அடங்கல் வாங்குங்கள், பணம் வந்த ஆண்டுக்கும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும். "மா" என்று சாகுபடி எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். தரிசு என்று எழுதிக் கொடுத்த அடங்கலை வீட்டுக்கு வந்து பார்த்துப் பயனில்லை.

அடுத்தது தூரம். நகராட்சியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகவே பார்ப்பதில்லை. கடைசி மக்கள்தொகைக் கணக்குப்படி 10,000க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள ஊருக்கு 2 கிலோமீட்டர், அதற்கு மேல் 10 லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. கிருஷ்ணகிரி, தருமபுரி நகராட்சிகள் 2011 கணக்குப்படி முதல் வகையில் வரும். ஓசூர் 1 லட்சத்தைத் தாண்டியதால் அங்கே 6 கிலோமீட்டர். இது ரோட்டு வழி தூரம் இல்லை, நேர்கோட்டில் அளக்கும் தூரம். எல்லைக்கு அருகில் நிலம் இருப்பவர்கள் தாசில்தாரிடம் தூரச் சான்று வாங்கிவைப்பது நல்லது.

டி.டி.எஸ். பிடித்ததற்கான சான்றான படிவம் 16A கடைசிக் காலாண்டுக்கு ஜூன் 15 வாக்கில்தான் கிடைக்கும். அதற்கு முன்பே ரிட்டர்ன் போட அவசரப்படாதீர்கள். கூட்டுப் பட்டாவாக இருந்து பணமும் டி.டி.எஸ்.ஸும் ஒருவர் பானில் மட்டும் ஏறியிருந்தால், மற்றவர்கள் பங்கு எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து, அவரவர் பானுக்குத் திருத்தச் சொல்லுங்கள். ரிட்டர்ன் போட்ட பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

## 5. ஏ.ஓ.வுக்குக் கடிதம்

முதலில் உங்கள் ஏ.ஓ. யார் என்று பாருங்கள். `incometax.gov.in` தளத்தில் உள்ளே போனால் உங்கள் சுயவிவரப் பக்கத்தில் `Jurisdiction Details` என்று இருக்கும். நிலம் பர்கூரில் இருப்பதால் அதிகாரி கிருஷ்ணகிரியில்தான் இருப்பார் என்று எண்ண வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூரில் வேலைக்குப் போனபோது அங்கத்து முகவரியில் பான் எடுத்தவர்கள். ஊருக்குத் திரும்பி வருடங்கள் ஆகியிருக்கும், பான் இன்னும் பெங்களூர் அதிகாரியிடமே இருக்கும். திரையில் எந்த அதிகாரி பெயர் காட்டுகிறதோ அவருக்குத்தான் எழுத வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம், இணைப்புகள் தனி. அதிகாரிகள் வெளிமாநிலத்தவராகவும் இருப்பார்கள், ஆங்கிலத்தில் எழுதினால் கோப்பு நகரும். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"2025-26 நிதியாண்டில் என் விவசாய நிலத்தில் மின் டவரும் கம்பிப் பாதையும் அமைத்ததற்கு ரூ.6,40,000 இழப்பீடு பெற்றேன். நிலம் என் பெயரிலேயே உள்ளது. பணம் கொடுத்த நிறுவனம் 194LA பிரிவில் ரூ.64,000 பிடித்துள்ளது. பகுதிவாரி விவரமும் உத்தரவின் நகலும் இணைத்துள்ளேன். நிலத்துக்கான ரூ.5,00,000, ஊரக விவசாய நிலத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கான மூலதன வரவு என்று கருதி, வரிக்கு உட்படாத வரவாகவும், மரங்களுக்கான ரூ.1,40,000ஐ விவசாய வருமானமாகவும் ரிட்டர்னில் காட்ட இருக்கிறேன். இதற்கு மாறான வாரியச் சுற்றறிக்கையோ அறிவுறுத்தலோ இருந்தால் ஜூலை 10க்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் அதிகாரிக்கு எழுதப் பயம். "இதைச் செய்யப்போகிறேன், மாறாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் அவர் கோப்பைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். மரப் பணத்தை விவசாய வருமானம் என்றது எங்கள் ஆடிட்டர் எடுத்த எச்சரிக்கையான நிலை. அதையும் மூலதன வரவு என்று வாதிடுபவர்கள் உண்டு. உங்கள் ஆடிட்டர் எந்தப் பக்கம் என்பதைக் கடிதத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கடிதத்தில் ஒன்று, ரிட்டர்னில் வேறு என்று இருக்கவே கூடாது.

நேரில் கொடுப்பதாக இருந்தால் வருமான வரி அலுவலகத்தின் ஆயகர் சேவா கேந்திரா கவுண்டரில் கொடுத்து, எண் போட்ட ஒப்புகை வாங்குங்கள். மேலே அறைக்குப் போய் மேசையில் வைத்துவிட்டு வந்தால் கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்காது. வெளியூர் அதிகாரி என்றால் தபால். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் பதிவுச் சேவையையும் பட்டுவாடா அத்தாட்சியையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே கடிதத்தைப் போர்ட்டலில் `Grievances` பகுதியிலும் ஏற்றி, குறிப்பு எண்ணைக் குறித்துவையுங்கள். இதற்கெல்லாம் துறைக்குக் கட்டணம் கிடையாது. தபாலும் நகலும்தான் செலவு, ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கினால் அவர் கட்டணம் தனி.

வரும் பதில் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். "சட்டப்படி ரிட்டர்ன் தாக்கல் செய்யவும், ஆவணங்களைப் பாதுகாக்கவும்" என்கிற மாதிரி இரண்டு வரி. எங்களுக்கும் அதுதான் வந்தது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். விஷயம் அவர் பார்வைக்குப் போனது என்பது அதிலேயே பதிவாகிவிட்டது. மாறான சுற்றறிக்கையைக் காட்டிப் பதில் வந்தால் மட்டும் ஆடிட்டரோடு உட்கார்ந்து நிலையை மாற்றுங்கள்.

## 6. பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஜூலை 31

கடிதம் நிலுவையில் இருக்கிறது என்று கெடு தள்ளிப்போகாது. ஜூலை இரண்டாம் வாரம் வரை பாருங்கள், அப்புறம் ரிட்டர்ன் வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

உங்கள் வரவுகள் பற்றித் துறைக்கு வந்த தகவலைக் காட்டும் `AIS` பக்கம் போர்ட்டலில் உண்டு, அதில் 6,40,000 பதிவாகியிருக்கும். அந்த வரியில் `Income is not taxable` என்று கருத்துப் பதிவு செய்யலாம். நிலத்துக்கும் மரத்துக்கும் வேறுவேறு நிலை எடுத்திருப்பதால், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டினால் ITR-1 ஆகாது, ITR-2 போட வேண்டும். மொத்தத் தொகையும் விலக்கு வருமானத்தைக் காட்டும் `Schedule EI` பகுதியில் வர வேண்டும்: 1,40,000 விவசாய வருமானமாக, 5,00,000 இதர விலக்கு வரவாக, "மின் டவர், பாதை இழப்பீடு" என்ற விளக்கத்தோடு. டி.டி.எஸ். பட்டியலில் 64,000க்கு எதிரே எந்தத் தலைப்பு வருமானம் என்று கேட்கும். அதில் விலக்கு வருமானம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டி.டி.எஸ்.ஸை மட்டும் கேட்டுவிட்டு வரவை எங்கேயும் காட்டாமல் விட்டால் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று 139(9) நோட்டீஸ் வரும். சரிசெய்ய 15 நாள்தான் தருவார்கள்.

இன்னொன்று. விவசாய வருமானம் என்றதும் வரியே இல்லை என்று மச்சான் சந்தோஷப்பட்டுவிட்டார். அது அப்படியில்லை. மற்ற வருமானம் அடிப்படை விலக்கைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பார்கள். 11,85,000க்கு மேல் 1,40,000 சேர்ந்ததில் வரி 71,750 ஆனது. தள்ளுபடிக்கு உச்சவரம்பு 60,000. மிச்சம் 11,750, செஸ்ஸோடு 12,220. அதைக் கழித்துக்கொண்டு ரீஃபண்டு 51,780 என்று ரிட்டர்னில் வந்தது. 1,71,600ஐ நினைத்தால் இது பெரிதில்லை, ஆனாலும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தாமத வட்டி ஏதாவது சேர்ந்திருந்தால் அதை இந்த விலக்குக்குள் நுழைக்காதீர்கள். இழப்பீட்டின் மேல் வரும் வட்டி, கையில் வந்த ஆண்டில் வரிக்கு உட்பட்டது. அதில் 50 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. மேலே 3ஆம் தலைப்பில் வட்டியைத் தனியாகக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

## 7. இன்னும் தவணை பாக்கி இருப்பவர்களுக்கு

பணம் இன்னும் முழுதாக வராதவர்களுக்கு என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சாதாரண ஆளுக்கு வரி அதிகாரி சட்டப்படி எழுத்தில் முடிவு சொல்லியே ஆக வேண்டிய இடம் அது: டி.டி.எஸ். பிடிக்காமல் அல்லது குறைவாகப் பிடிக்கச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம். பழைய சட்டத்தில் அது 197ஆம் பிரிவு, படிவம் 13. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் இனி வரும் தவணைகளுக்குப் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் வேறு. போர்ட்டலில் பழைய எண்ணைப் போட்டுத் தேடாதீர்கள், ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பணம் தரும் நிறுவனத்தின் டான் எண், முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன், இந்த ஆண்டு வருமான மதிப்பீடு, இழப்பீட்டு உத்தரவு ஆகியவை வேண்டும். அதிகாரி கூடுதல் விவரம் கேட்டால் அடங்கலும் தூரச் சான்றும் அங்கேயும் உதவும். சான்றிதழ் கொடுத்த தேதிக்குப் பிறகு வரும் பணத்துக்கு மட்டுமே செல்லும், ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பாது. ரிட்டர்னைப் பரிசீலிக்கும் அதிகாரியை அது முழுதாகக் கட்டுப்படுத்தவும் செய்யாது. ஒரு மாதம் வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு, அடுத்த தவணைக்கான காசோலை தயாராகும் முன்பே போட்டுவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் நகலை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.